திருப்பி அனுப்பிய குக்கரும் திரும்பி வராத 159 ரிங்கிட்டும்

“ஐயா, பேஸ்புக் நேரலையில் பார்த்து ஐந்து லிட்டர் குக்கர் ஆர்டர் பண்ணினேன். பார்சல் கொண்டு வந்த தம்பியிடம் 159 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன். பிரித்தால் மூன்று லிட்டர். விற்றவரிடம் சொன்னதும், ‘திருப்பி அனுப்புங்க, வங்கி விவரம் கொடுங்க, காசு போட்டு விடுறேன்’ என்றார். அனுப்பி 12 நாள் ஆகிறது. நேற்று வேறு எண்ணிலிருந்து ‘ரீஃபண்ட் பிரிவு’ என்று ஒரு பெண் அழைத்தார். குக்கர், 159 வெள்ளி எல்லாம் சரியாகச் சொன்னார். டெபிட் கார்டின் 16 எண்ணையும் தேதியையும் கேட்டார், கொடுத்துவிட்டேன். பின்னால் இருக்கும் மூன்று எண்ணைக் கேட்டபோது மகன் போனை வாங்கி வைத்துவிட்டான். இனி யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறான். எதுவுமே கொடுக்காமல் காசு எப்படி வரும்?”
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அம்மா, இதை மேலே படிப்பதற்கு முன் அந்த டெபிட் கார்டை முடக்குங்கள். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வங்கி எண்ணைப் பார்த்து அழையுங்கள். கூகளில் தேடி வருகிற எண் வேண்டாம், அங்கேயும் போலி எண்கள் இருக்கின்றன. “கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன், கார்டை நிறுத்திப் புதியது கொடுங்கள்” என்று சொன்னால் போதும். உங்கள் மகன் தடுத்தது நல்ல நேரத்தில்தான். ஆனால் அந்த மூன்று எண்ணைக் கேட்காமலேயே பணம் எடுக்கும் வெளிநாட்டு இணையக் கடைகளும் உண்டு, அதனால் “முழுசாகக் கொடுக்கவில்லையே” என்று விட்டுவிடாதீர்கள். கணக்கு அப்படியே இருக்கும், கார்டு மட்டும்தான் மாறும். கணக்கில் கடந்த இரண்டு நாள் வரவு செலவையும் அதே அழைப்பில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது போயிருந்தால், வங்கியிடம் சொன்ன கையோடு 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை, அதனால் அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. போலீஸ் புகாரும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

செய்துவிட்டீர்களா? இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மகன் சொல்வதில் பாதிதான் சரி. கார்டில் காசு கட்டியிருந்தால் விற்றவர் அதே கார்டுக்குத் திருப்பிவிடலாம், உங்களிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. நீங்கள் கொடுத்தது ரொக்கம். அது வந்த வழியே திரும்பிப் போக முடியாது. பார்சல் தம்பி உங்களிடம் வாங்கிய 159 ரிங்கிட்டைக் கிளையில் ஒப்படைத்திருப்பார். கொரியர் நிறுவனம் பல வாடிக்கையாளர்களின் காசைச் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, சில நாள் கழித்து மொத்தமாக விற்றவர் கணக்கில் போடும். ஆகவே விற்றவர் வங்கி விவரம் கேட்டது இயல்பான காரியம். அவருக்கு உங்களைச் சேரும் வழி வேறு கிடையாது. கேள்வி, எந்த விவரம் என்பதுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட விற்பனைகளில் இந்தச் சாக்கு அடிக்கடி வரும். “கொரியர்காரன் இன்னும் எனக்குக் காசு தரவில்லை, வந்ததும் தருகிறேன்” என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவருக்கும் கொரியருக்கும் இடையிலான கணக்கு. நீங்கள் பொருள் வாங்கியது விற்றவரிடம், திருப்பித் தர வேண்டியவரும் அவர்தான். அதே காரணத்தால், “நான் கொரியர் நிறுவனத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் ரீஃபண்டை நாங்கள் போடுகிறோம்” என்று வருகிற அழைப்பை நம்பவே வேண்டாம். உங்களைப் போல நேரலையில் நேரடியாக வாங்கியவருக்கு அந்தக் காசைக் கொடுப்பது கொரியரின் வேலை இல்லை.

நேற்று அழைத்த பெண்ணுக்கு குக்கரும் 159-உம் எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களை அதிகம் ஏமாற்றியிருக்கும். வீட்டில் அடுத்த பார்சல் வரும்போது மேலே ஒட்டியிருக்கும் தாளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், வாங்க வேண்டிய ரொக்கத் தொகை, சில சமயம் பொருளின் பெயர், எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்தப் பெட்டியை அப்படியே குப்பைத் தொட்டியில் வைக்கிறோம். அதற்கும் முன்னால், நேரலை நடக்கும்போதே “எனக்கு ஒன்னு, 5 லிட்டர்” என்று எல்லோரும் பார்க்கக் கருத்துப் பகுதியில் எழுதி, கீழே கைப்பேசி எண்ணையும் போடுகிறோம். உங்கள் ஆர்டரைப் பற்றித் தெரிந்திருப்பதால் ஒருவர் விற்றவரின் ஆள் என்று ஆகிவிடாது. சரிபார்க்க ஒரே வழி, நீங்கள் ஆர்டர் செய்தபோது பேசிய அதே பக்கத்துக்கு, அதே எண்ணுக்கு நீங்களாகவே அழைத்து, “உங்கள் சார்பாக யாராவது என்னை அழைத்தார்களா?” என்று கேட்பது. அழைத்த எண்ணை semakmule.rmp.gov.my என்ற போலீஸ் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். அதில் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் தேடலாம். புகார் பதிவாகியிருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மோசடிக்காரர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, எதைக் கொடுக்கலாம்?

நம் கோயில்களில் திருப்பணிக்கு அறிவிப்புப் பலகை வைப்பார்களே, நினைத்துப் பாருங்கள். வங்கிப் பெயர், கணக்கு எண், கோயில் நிர்வாகத்தின் பெயர் மூன்றையும் பெரிய எழுத்தில் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதை வைத்து யாரும் கோயில் பணத்தை எடுக்க முடிவதில்லை, போடத்தான் முடிகிறது. உங்கள் கணக்கும் அப்படியே. பணம் வர மூன்று விவரம் போதும்: எந்த வங்கி, கணக்கு எண் என்ன, கணக்கு யார் பெயரில். இவை உங்கள் வீட்டு முகவரி மாதிரி. கார்டின் 16 எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று எண், இணைய வங்கியின் பயனர் பெயர், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் டி.ஏ.சி எண், இவையெல்லாம் வீட்டுச் சாவி. கடிதம் போட வருகிறவர் சாவியைக் கேட்க மாட்டார். கேட்டால் அவர் வந்த காரியம் வேறு.

நான் வங்கிக் கிளையில் இருந்த 24 ஆண்டுகளில் முகவரியையும் சாவியையும் மாற்றிக் கொடுத்த நல்ல மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “பேங்க் நம்பர் கொடுங்க” என்று கேட்டவுடன் பணப்பையில் கைக்குக் கிடைப்பது டெபிட் கார்டு. அதன் முகப்பில் பெரிதாக ஒரு எண் இருக்கிறது. அதுதான் கணக்கு எண் என்று நினைத்துப் படித்துவிடுவார்கள். சிலர் கார்டையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கார்டு எண்ணும் கணக்கு எண்ணும் ஒன்று இல்லை. மேபேங்க் சேமிப்புக் கணக்கு என்றால் 12 இலக்கம், பப்ளிக் பேங்க் என்றால் 10. கார்டு எண் 16. நீங்கள் எழுதிய எண்ணை விரலால் எண்ணிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பி.எஸ்.என் மட்டும் கொஞ்சம் குழப்பும், அங்கே கணக்கு எண்ணே 16 இலக்கம்தான். அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தால் சேமிப்புப் புத்தகத்தையோ கைப்பேசிச் செயலியையோ திறந்து அங்கிருந்து மட்டும் எடுங்கள், கார்டைத் தொட வேண்டாம்.

கணக்கு எண்ணைக் குரல் பதிவாகச் சொல்ல வேண்டாம், எழுத்தாக அனுப்புங்கள். கையால் தட்டுவதைவிட வங்கிச் செயலியில் இருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவது நல்லது. ஒரு இலக்கம் மாறினால் காசு அந்நியர் கணக்குக்குப் போகலாம். அதைத் திருப்ப, அனுப்பியவர் தன் வங்கியில் விண்ணப்பம் கொடுத்து, வங்கிகள் சரிபார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பெயரையும் வங்கியில் இருக்கிறபடியே எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் பெண்களுக்கு இதில் தடங்கல் வரும். பேஸ்புக்கில் ஒரு பெயர், கணவர் பெயரோடு சேர்த்து அழைக்கிற பெயர் ஒன்று, வங்கியில் A/P போட்டு அப்பா பெயரோடு இன்னொன்று. விற்றவர் உடனடி மாற்றத்தில் காசு போடும்போது திரையில் கணக்கு வைத்திருப்பவர் பெயர் வரும். அது அவர் அறிந்த பெயராக இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார், அல்லது நிறுத்துவதற்கு அதையே காரணமாக்குவார்.

சிலர் டூயிட்நவ் முறையில் கைப்பேசி எண்ணை மட்டும் கொடுத்தால் போதும் என்பார்கள். அதில் ஆபத்து இல்லை. ஆனால் அந்த எண் எங்கே இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் காசு போகும். மகன் ஏதோ ஒரு மின்பணப்பையில் இணைத்து வைத்திருந்தால் காசு அங்கே போய் உட்காரும், நீங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்த்து வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஐ.சி எண்ணையும் டூயிட்நவ்வில் இணைக்கலாம் என்பதால் சில விற்பனையாளர்கள் அதைக் கேட்பார்கள். அதைக் கொடுக்க வேண்டாம். கணக்கு எண் கொடுத்த பிறகு ஐ.சி எண்ணோ ஐ.சி படமோ ஒரு ரீஃபண்டுக்குத் தேவையே இல்லை. பெயரை உறுதிப்படுத்த வேண்டும் என்று வங்கி அறிக்கையைக் கேட்டால், பெயரும் கணக்கு எண்ணும் தெரிகிற மேல்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். மீதித் தொகையும் வரவு செலவும் அவருக்கு எதற்கு?

நீங்கள் விற்றவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை எழுதித் தருகிறேன், புள்ளியிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள். “வணக்கம் தம்பி. 5 லிட்டர் குக்கருக்கு 159 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுத்தேன். வந்தது 3 லிட்டர். நீங்கள் சொன்னபடி திருப்பி அனுப்பினேன். பார்சல் எண் …… உங்கள் முகவரியில் …… தேதி சேர்ந்ததாகக் காட்டுகிறது. 159 ரிங்கிட்டையும் திருப்பி அனுப்பிய செலவு …… ரிங்கிட்டையும் இந்தக் கணக்கில் போடுங்கள். வங்கி …… கணக்கு எண் …… பெயர் …… குறிப்பு இடத்தில் ‘குக்கர் 159’ என்று எழுதுங்கள். …… தேதிக்குள் எதிர்பார்க்கிறேன்.” கடைசித் தேதியாக ஏழு நாள் கொடுக்கலாம். இதை ஆர்டர் செய்த பக்கத்தின் உள்பெட்டிக்கு மட்டும் அனுப்புங்கள். கருத்துப் பகுதியில் போடாதீர்கள், புதிதாக வந்த எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள்.

அந்தச் செய்தியில் பார்சல் எண்ணையும் சேர்ந்த தேதியையும் சும்மா சேர்க்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்த காசுக்கு வங்கியில் தடயம் கிடையாது. உங்கள் சாட்சி முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது. முதல் பார்சலின் மேல்தாள் இன்னும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அதில் வாங்க வேண்டிய தொகை 159 என்று இருக்கும். அந்தப் பார்சல் “ஒப்படைக்கப்பட்டது” என்று பதிவாகியிருந்தால் காசு வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், காசு வாங்காமல் பெட்டியைத் தர மாட்டார்கள். திருப்பி அனுப்பியபோது கவுண்டரில் கொடுத்த ரசீதில் எடை போட்டிருக்கும். குக்கரின் எடை அதில் இருந்தால், “வெறும் பெட்டிதான் வந்தது” என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ரசீது வெப்பத்தாளில் அச்சாகியிருந்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும், இன்றே படம் எடுத்து வையுங்கள். அந்தப் பார்சல் எண்ணை வைத்து அவரிடம் எந்தத் தேதி சேர்ந்தது, யார் வாங்கினார் என்று இணையத்தில் பார்க்கலாம். அனுப்பி 12 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நாளைவிட அவர் கையில் கிடைத்த நாள்தான் பேச்சுக்கு உதவும்.

கடை பெரிய இணைய விற்பனைச் செயலிக்குள் இருந்தால் கதை வேறு. அங்கே ரொக்கத்துக்கு வாங்கிய பொருளின் பணம் செயலியின் பணப்பைக்கோ, நீங்கள் செயலிக்குள் பதிந்து வைத்த வங்கிக் கணக்குக்கோ வரும். அங்கே கணக்கு எண்ணை அந்தப் பதிவுப் பக்கத்தில் மட்டும் போட வேண்டும். “வெளியே வாட்ஸ்அப்புக்கு வாங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்” என்று விற்றவர் கூப்பிட்டால் போகக் கூடாது. செயலிக்கு வெளியே போன விஷயத்தில் செயலி உதவிக்கு வராது.

இனி, விவரம் கொடுத்த பிறகு நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். இதில்தான் நான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 86 ரிங்கிட் ரீஃபண்டுக்காகக் காத்திருந்தார். கணக்கு எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார். பிறகு ஒரு இணைப்பு வந்தது. திறந்தால் எல்லா வங்கிகளின் சின்னமும் வரிசையாக இருந்தது, நாம் இணையத்தில் பணம் கட்டும்போது வருகிற பக்கம் போலவே. “உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்து ரீஃபண்டைப் பெறுங்கள்” என்று இருந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் தட்டினார். அடுத்த நிமிடம் கைப்பேசியில் அவருடைய உண்மையான வங்கிச் செயலி மணி அடித்து, அனுமதி கேட்டது. Approve என்று ஒரு பொத்தான், Reject என்று ஒரு பொத்தான். ரீஃபண்டுக்குத்தான் அனுமதி கேட்கிறார்கள் என்று Approve-ஐ அழுத்தினார். அந்தத் திரையிலேயே தொகை 4,800 என்றும், போகிற கணக்கின் பெயர் யாரோ ஒருவருடையது என்றும் இருந்திருக்கிறது. கண்ணில் பட்டது, ஆனால் மனதில் பதியவில்லை என்று என்னிடம் சொன்னார். அவர் அலட்சியமானவர் இல்லை. 86 ரிங்கிட் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு எல்லாமே வரவாகத்தான் தெரியும்.

அம்மா, பணம் வருவதற்கு வங்கி உங்கள் அனுமதியைக் கேட்பதே இல்லை. உங்கள் மகன் உங்கள் கணக்கில் காசு போடும்போது நீங்கள் எந்தப் பொத்தானையாவது அழுத்துகிறீர்களா? இல்லை. அனுமதி கேட்கிறது என்றால் ஒன்று பணம் வெளியே போகிறது, அல்லது உங்கள் கணக்குக்குள் வேறொரு கைப்பேசி நுழையப் பார்க்கிறது. இரண்டில் எதுவானாலும் Reject. கியூ.ஆர் படமும் அப்படித்தான். பணம் வாங்குகிறவர் தன் படத்தைக் காட்டுவார், கட்டுகிறவர் அதை ஸ்கேன் செய்வார். “இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணினால் காசு வரும்” என்று ஒருவர் அனுப்பினால் அவர் உங்களைக் கட்டச் சொல்கிறார். “ரீஃபண்ட் செயலி” என்று ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவச் சொன்னால், அதன் பெயர் .apk என்று முடிகிறதா பாருங்கள். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் அவர்கள் படிக்க முடியும். “முதலில் 20 ரிங்கிட் செயலாக்கக் கட்டணம் கட்டுங்கள்” என்று சொன்னாலும் அதே ரகம்தான். கழிக்க வேண்டிய தொகை ஏதாவது இருந்தால் அவர் 159-இலேயே கழித்துக்கொள்ளலாமே.

தவறுதலாக அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று சொல்வதும் உண்டு. “159-க்குப் பதில் 1,590 போட்டுவிட்டேன், மிச்சத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று ஒரு ரசீதுப் படத்தோடு வரும். பல நேரம் படம் மட்டும்தான் இருக்கும், பணம் வந்திருக்காது. செயலியைத் திறந்து மீதித் தொகையைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். உண்மையாகவே பணம் வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது வேறு யாரிடமோ ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம், நீங்கள் அதை மூன்றாவது கணக்குக்கு மாற்றினால் திருட்டுப் பணத்துக்கு வழி விட்டவர் ஆகிவிடுவீர்கள். அந்த மாதிரி மாற்றிவிடுகிற கணக்குக்காரர்களைத் தண்டிக்க 2024-இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகளே சேர்த்திருக்கிறார்கள். நீங்களாகத் திருப்பி அனுப்பாமல் வங்கியை அழைத்து, “தெரியாத பணம் வந்திருக்கிறது” என்று பதிவு செய்யுங்கள். அனுப்பிய வங்கி வழியாகவே அது திரும்பிப் போகட்டும்.

விற்றவர் நல்லவராக இருந்தால் உங்கள் செய்திக்கு ஒரே நாளில் காசு வந்துவிடும். உடனடி மாற்றம் என்றால் நிமிடங்களில் வரும், பழைய ஐ.பி.ஜி முறையில் போட்டால் அடுத்த வேலை நாள்கூட ஆகலாம், வெள்ளி மாலை போட்டால் திங்கள் வரை பொறுக்கலாம். அதற்குமேல் பொறுக்கத் தேவையில்லை.

கொடுத்த தேதி கடந்தும் வரவில்லை என்றால், மலேசியாவில் உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, நம் மக்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, எதிர்த்தரப்பும் சாதாரணமாக வைக்க முடியாது, நீங்களே பேசலாம். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் விற்றவர் பின்பற்றாவிட்டால் அதுவே குற்றம். 159 ரிங்கிட்டுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் “நடுவர் மன்றத்துக்கு மனு நிரப்பி வைத்திருக்கிறேன்” என்று படிவத்தின் படத்தை அனுப்பியதுமே காசு போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கம் சட்டம் தெளிவாக இருக்கிறது. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு. பொருளை நிராகரித்தால் பணம் வேண்டுமா, மாற்றுப் பொருள் வேண்டுமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். “காசு தர முடியாது, அடுத்த நேரலையில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. (மனம் மாறித் திருப்பி அனுப்பியிருந்தால் இந்த அளவு உரிமை கிடைக்காது, கடையின் சொந்த விதியைத்தான் பார்க்க வேண்டும்.)

நடுவர் மன்றத்தில் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்றுதான்: யார் மேல் மனு? பேஸ்புக் பக்கத்தின் பெயர் மேல் ஆணை அனுப்ப முடியாது. இணையத்தில் தொழில் செய்பவர் தன் பெயர், தொழில் பதிவு எண், தொடர்பு விவரம் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருப்பி அனுப்பிய பார்சலில் எழுதிய பெயரும் முகவரியும் இருக்கிறது, அது அவரே கொடுத்தது. இதையெல்லாம் பக்கம் காணாமல் போவதற்கு முன் செய்யுங்கள். பதிவு எண்ணே போடாமல் விற்கிறார் என்றால் உள்நாட்டு வர்த்தக அமைச்சுக்கு 1-800-886-800 எண்ணில் புகார் சொல்லலாம், அது நடுவர் மன்ற மனுவுக்குத் தனி.

நாளைக்குப் புதிய கார்டு வாங்க வங்கிக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். செயலியில் இணையக் கொள்முதலையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் எங்கே அணைப்பது என்று கவுண்டரிலேயே காட்டச் சொல்லுங்கள், நீங்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்றால் அணைத்தே வைத்திருக்கலாம். கணக்கு எண் மாறாது என்பதால் விற்றவருக்குக் கொடுத்த விவரத்தை மாற்ற வேண்டியதில்லை. 159-உம் அனுப்பிய செலவும் வந்து சேர்ந்ததும், குறிப்பு வரியில் ‘குக்கர் 159’ தெரிகிற பக்கத்தைப் படமெடுத்து, பார்சல் ரசீதின் படத்தோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அந்தப் பெண்ணின் எண்ணையும் அழைத்த நேரத்தையும் அழித்துவிடாதீர்கள். கார்டில் பிறகு ஏதாவது தெரியாத தொகை போனது தெரிந்தால் புகாரில் அதுதான் முதல் வரியாக இருக்கும்.